அத்தியாயம் 7: ரீஃபண்ட் உங்கள் கையில், சார்ஜ்பேக் வங்கியின் கையில்

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கத் தொடங்கி, பேமென்ட் கேட்வே கணக்கும் திறந்துவிட்டீர்கள். ஆர்டர் வருகிறது, இரண்டொரு நாளில் பணம் வங்கிக்கு வந்து சேர்கிறது. இனி ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்பார். அந்தப் பணம் எந்த வழியில் திரும்புகிறது என்பதைப் பொறுத்தே உங்கள் கணக்கின் கதி அமையும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. அவற்றைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும், இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்தது.

மூன்று வழிகள்

ரிவர்சல்: வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், ஆனால் உங்களிடம் ஆர்டர் பதிவாகியிருக்காது. பரிவர்த்தனை நடுவழியில் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, இணையக் கடையில் கார்டு வழியாகச் செலுத்தியதும் யூபிஐ வழியாகக் கடைக்குச் செலுத்தியதும் இப்படி அறுந்துபோனால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகவே திரும்பிப் போக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. இதில் உங்களுக்கு வேலையே இல்லை. "பணம் போயிடுச்சு, ஆர்டர் வரலை" என்று ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும் பதறிக்கொண்டு கைப்பணத்தை அனுப்பிவிடாதீர்கள். கேட்வே திரையில் அந்தப் பணம் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால், ஐந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருடைய வங்கியைக் கேட்கச் சொல்லுங்கள்.

ரீஃபண்ட்: பணம் உங்களிடம் வந்து சேர்ந்தது. நீங்கள் சம்மதித்து, உங்கள் கையால் பட்டனை அழுத்தித் திருப்புகிறீர்கள். எவ்வளவு, எப்போது, முழுவதுமா பாதியா என்பதெல்லாம் உங்கள் முடிவு.

சார்ஜ்பேக்: வாடிக்கையாளர் உங்களைத் தாண்டித் தன் வங்கியிடம் போகிறார். "பொருள் வரவில்லை", "சொன்னது ஒன்று வந்தது ஒன்று", "நான் இந்தப் பணத்தைச் செலுத்தவே இல்லை" என்று புகார் கொடுக்கிறார். வங்கி அதை விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று அந்தக் கார்டுக்குரிய அமைப்பின் வழியாக அனுப்ப, அது உங்கள் கேட்வேயின் வங்கிக்கு வந்து, கடைசியில் உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுக்கிறது. யூபிஐ என்றால் என்பிசிஐ வழியாக வரும். உங்கள் சம்மதம் யாருக்கும் தேவையில்லை. முதலில் பணம் போகும் (அல்லது முடக்கப்படும்), பிறகுதான் உங்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்பார்கள்.

ஒரே 1,200 ரூபாய், மூன்று கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குஜிலியம்பாறைப் பக்கத்தில் முருங்கை இலைப்பொடி செய்து விற்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனைக் கடைதான், ஆனால் அந்த வறண்ட பூமியில் முருங்கையும் அதிலிருந்து செய்யும் பொடியும் கற்பனை இல்லை. பெங்களூரு வாடிக்கையாளர் ஒருவர் கிரெடிட் கார்டில் 1,200 ரூபாய்க்குப் பொடி வாங்குகிறார். கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால் 24 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4 ரூபாய் 32 காசு. பொடி செய்த செலவு 600, அனுப்பும் செலவு 90.

மாதம் 3ஆம் தேதி ஆர்டர். 5ஆம் தேதி அஞ்சலகத்தில் ஸ்பீட் போஸ்ட். 9ஆம் தேதி பார்சல் போய்ச் சேர்ந்தது. 11ஆம் தேதி வாட்ஸ்அப்பில் படத்தோடு செய்தி: "அக்கா, பொடி கட்டி கட்டியா இருக்கு, காசைத் திருப்பி அனுப்புங்க." மழைக்காலத்தில் முருங்கைப்பொடி ஈரம் இழுத்துக் கட்டி பிடிப்பது சகஜம். இவருக்கோ அந்த வாரம் இலை ஆய்ந்து காயவைக்கும் வேலை. செய்தியைப் பார்த்தார், அப்புறம் பதில் சொல்லலாம் என்று விட்டுவிட்டார். 16ஆம் தேதி வாடிக்கையாளர் பொறுமை இழந்து வங்கியில் புகார் கொடுத்தார். 17ஆம் தேதி இவர் மனம் கேட்காமல் "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்று சொல்லி, கூகுள் பே-யில் 1,200 ரூபாயை அனுப்பிவைத்தார். 24ஆம் தேதி கேட்வேயிலிருந்து மின்னஞ்சல்: சார்ஜ்பேக் வந்திருக்கிறது, 1,200 ரூபாய் கழிக்கப்பட்டது.

இப்போது நட்டத்தைக் கணக்கிடுங்கள். 11ஆம் தேதியே கேட்வே திரையில் ரீஃபண்ட் பட்டனை அழுத்தியிருந்தால், பொடி திரும்பி வராவிட்டாலும் 600, 90, 28 ரூபாய் 32 காசு, ஆக 718 ரூபாய் 32 காசு போயிருக்கும். கேட்வே கட்டணம் ரீஃபண்ட் செய்தாலும் பொதுவாகத் திரும்பி வராது. சார்ஜ்பேக் வந்து தோற்றிருந்தாலும் இதே 718 ரூபாய் 32 காசுதான் (உங்கள் ஒப்பந்தத்தில் டிஸ்ப்யூட் கட்டணம் என்று தனியாக எழுதியிருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்). இரண்டு வழியிலும் பணம் போனதால் அவர் இழந்தது 1,918 ரூபாய் 32 காசு.

ரூபாயில் பார்த்தால் ரீஃபண்டுக்கும் தோற்ற சார்ஜ்பேக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பார்த்தீர்களா? பலர் ஏமாறுவது இங்கேதான். "எப்படியும் பணம் போகத்தான் போகிறது, அவன் வங்கியிலேயே வாங்கிக்கொள்ளட்டும்" என்று இருந்துவிடுகிறார்கள். சார்ஜ்பேக் உங்கள் கணக்கின் மேல் ஒரு புள்ளி வைக்கிறது. ரீஃபண்ட் அந்தப் புள்ளியை வைப்பதில்லை.

அந்தப் புள்ளி என்ன செய்யும்

கேட்வே நிறுவனம் உங்களை எடை போடும் தராசு மிக எளியது: ஒரு மாதத்தில் வந்த சார்ஜ்பேக்குகளை விற்பனை எண்ணிக்கையால் வகுப்பது. நீங்கள் வாதாடி ஜெயித்தாலும் அந்தச் சார்ஜ்பேக் வந்ததாகவே பெரும்பாலும் எண்ணப்படும். மாஸ்டர்கார்டு விதியில் ஒரு மாதத்தில் 100 சார்ஜ்பேக்கும் 1.5 சதவீதமும் சேர்ந்து வந்தால்தான் கடையை அளவுமீறிய கடையாகக் குறிக்கும். மாதம் 40 ஆர்டர் போகிற கடைக்கு 100 சார்ஜ்பேக் வர வழியே இல்லை என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உங்களைப் போல ஆயிரக்கணக்கான கடைகளைக் கேட்வே தன் தலையில் சுமக்கிறது. அது சதவீதத்தைப் பார்த்து முன்கூட்டியே கையை இறுக்கும். 40 ஆர்டரில் ஒன்று என்றாலே 2.5 சதவீதம்.

பண்டிகைக்குப் பிந்தைய மாதங்கள் இன்னும் மோசம். மாஸ்டர்கார்டு இந்த மாதச் சார்ஜ்பேக்கை முந்தைய மாத விற்பனையால் வகுக்கிறது. தீபாவளி மாதத்தில் 200 ஆர்டர், அடுத்த மாதம் 40 ஆர்டர் என்று வையுங்கள். தீபாவளி ஆர்டரில் இரண்டு பேர் செய்த புகார், தாமதமாக, இரண்டு மாதம் கழித்து வந்து சேர்ந்தால், அது 40ஆல் வகுபடும்: 5 சதவீதம். உண்மையில் தவறியது 200-க்கு 2, அதாவது 1 சதவீதம். சார்ஜ்பேக் தாமதமாக வருவது அபூர்வம் அல்ல. பல வகைப் புகாருக்கு விசா 120 நாள்வரை அவகாசம் தருகிறது.

இதன் விளைவுகள் படிப்படியாக வரும்.

1. முதலில் அந்தத் தொகை அடுத்த செட்டில்மென்ட்டில் கழியும். கணக்கில் அவ்வளவு இல்லையென்றால் இருப்பு மைனஸ் ஆகும், அடுத்து வரும் ஆர்டர் பணம் அதை அடைக்கவே போகும்.

2. திரும்பத் திரும்ப வந்தால் செட்டில்மென்ட்டை நிறுத்தி வைத்துவிட்டுப் பில், கூரியர் ரசீது, கடை ஆவணம் எல்லாம் கேட்பார்கள். சிறு கடையை உண்மையில் சாய்ப்பது இந்தக் கட்டம்தான். 1,200 ரூபாய் பிரச்சினைக்காக 30,000 ரூபாய் உள்ளே மாட்டிக்கொள்ளும். இலைக்கும் ஆள்கூலிக்கும் கையில் காசிருக்காது.

3. விற்பனையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, சில மாதம் கழித்துக் கொடுப்பார்கள். இதற்கு ரிசர்வ் என்று பெயர். நாளைக்கு வரக்கூடிய சார்ஜ்பேக்கை உங்கள் பணத்தாலேயே அடைக்கும் ஏற்பாடு இது.

4. கடைசியில் கணக்கை மூடலாம். மூடும்போது மீதிப் பணத்தை உடனே தரமாட்டார்கள். பழைய ஆர்டர்களுக்குப் புகார் வரும் காலம் கடக்கும்வரை வைத்திருப்பார்கள். எத்தனை நாள் என்பது நீங்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. இன்றைக்கே திறந்து அந்த ஒரு பத்தியையாவது படியுங்கள்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. அளவுமீறிய சார்ஜ்பேக் போன்ற காரணங்களால் மூடப்பட்ட கடைகளை மேட்ச் என்ற மாஸ்டர்கார்டு பட்டியலில் ஏற்ற முடியும். அதில் ஏறினால் ஐந்து ஆண்டு இருக்கும். கடைப் பெயரோடு உரிமையாளர் பெயரும் ஏறும்.

> எச்சரிக்கை: கணக்கு முடங்கியதும் வீட்டில் இன்னொருவர் பெயரில் புதிய கணக்கு திறந்து அதே கடையை ஓட்டாதீர்கள். முகவரி, தொலைபேசி, வங்கிக் கணக்கு எல்லாம் ஒத்துப்போய் இரண்டும் சேர்ந்து மூடப்படும்.

புகார் வந்த அன்றே செய்ய வேண்டியவை

1. அதே நாளில் பதில் அனுப்புங்கள். தீர்வு தயாராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. "பார்த்தேன், நாளைக்குள் சொல்கிறேன்" என்ற ஒரு வரிகூட வாடிக்கையாளர் வங்கிப் பக்கம் போவதைத் தள்ளிப்போடும்.

2. படம் கேளுங்கள். பொட்டலம், லேபிள், பொருள் மூன்றும் தெரிய வேண்டும்.

3. கேட்வே திரையில் அந்த ஆர்டரைத் திறந்து, `Disputes` பகுதியில் ஏற்கனவே அதன்மேல் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். கதையில் வந்த பெண்மணி 17ஆம் தேதி பார்த்திருந்தாலும் அது திரையில் வந்திருக்காது என்பது உண்மைதான். வங்கியில் புகார் பதிவாகி உங்கள் திரைக்கு வர நாளாகும். ஆகவே வாடிக்கையாளரிடமே நேராகக் கேளுங்கள்: "வங்கியில புகார் கொடுத்திருக்கீங்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

4. புகார் இல்லை, தவறு உங்கள் பக்கம் என்றால், உடனே `Refund` அழுத்துங்கள். பொருள் குறையுடையது என்றாலோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்றாலோ, திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. இழுத்தடிப்பதில் லாபம் இல்லை.

5. பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில் திருப்புங்கள். கார்டில் வந்தது கார்டுக்கே, யூபிஐ-யில் வந்தது அதே யூபிஐ-க்கே. கூகுள் பே-யில் தனியாக அனுப்பும் பணம் அந்த ஆர்டரோடு ஒட்டாது. வங்கியின் கண்ணுக்கு அது வேறு ஏதோ கொடுக்கல் வாங்கல்.

6. கார்டு ரீஃபண்ட் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகும். திரையில் தெரியும் ஏஆர்என் என்ற எண்ணை (யூபிஐ என்றால் 12 இலக்க ஆர்ஆர்என்) வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுங்கள். "பணம் வரலையே" என்ற அவசரத்தில் போடும் புகாரை இந்த எண் தடுக்கும். வங்கியில் இதைச் சொன்னால் அவர்களே தேடிச் சொல்வார்கள்.

சார்ஜ்பேக் வந்தே விட்டால்

முதல் விதி: ரீஃபண்ட் பட்டனைத் தொடாதீர்கள். பணம் ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டது. சில கேட்வேக்கள் பட்டனையே பூட்டிவிடும், சில பூட்டாது. இனி இரண்டே தெரிவுகள்: ஏற்றுக்கொள்வது அல்லது எதிர்வாதம் வைப்பது.

கடைசித் தேதியைப் பாருங்கள். விசா விதியில் கடைக்காரரின் வங்கிக்கு 30 நாள் இருக்கிறது. அதில் வங்கியும் கேட்வேயும் தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு உங்களுக்கு மிஞ்சுவது சில நாள்தான். தேதி தவறினால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு, அதன்பின் கெஞ்சினாலும் திறக்காது. மின்னஞ்சலை மகனோ தம்பியோ பார்க்கிறார்கள் என்றால், டிஸ்ப்யூட் அறிவிப்பு உங்கள் கைபேசிக்கும் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காரணம் என்ன என்று பாருங்கள். காரணத்துக்குப் பொருந்தாத ஆதாரம் எத்தனை பக்கம் இருந்தாலும் வீண்.

"பொருள் வரவில்லை" என்றால், ஒப்படைத்ததற்கான ஆதாரம். ஸ்பீட் போஸ்ட்டின் 13 எழுத்து எண், ஒப்படைத்த தேதி, பின்கோடு மூன்றும் ஆர்டர் முகவரியோடு ஒத்துப்போக வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டில் ஓடிபி சொன்னால்தான் ஒப்படைக்கும் சேவை கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் செலுத்தினால் கிடைக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பார்சலுக்கும் அதைச் சேருங்கள் என்பேன். டிராக்கிங் பக்கத்தை ஒப்படைத்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான்கு மாதம் கழித்துப் புகார் வரும்போது அந்தப் பக்கம் இருக்கும் என்று நம்ப முடியாது.

"சொன்னபடி இல்லை" என்றால், உங்கள் விளம்பரத்தில் இருந்த படமும் விவரமும், பொட்டலம் கட்டும்போது எடுத்த படம், வாட்ஸ்அப் பேச்சு. இந்த வகைப் புகாரில் வாடிக்கையாளர் பொருளைத் திருப்பி அனுப்பினார் அல்லது அனுப்ப முயன்றார் என்பதை விசா எதிர்பார்க்கிறது. "திருப்பி அனுப்புங்கள், செலவு என்னுடையது" என்று நீங்கள் எழுதியும் அவர் அனுப்பவில்லை என்றால், அந்தச் செய்திதான் உங்கள் வலுவான ஆதாரம்.

"ரீஃபண்ட் வரவில்லை" என்றால், ஏஆர்என் எண் ஒன்றே போதும்.

"நான் செலுத்தவே இல்லை" என்பது இந்தியக் கார்டில் சிறு கடையை அவ்வளவாகத் தாக்காது. 2009 ஆகஸ்ட்டிலிருந்தே இணையத்தில் கார்டு பயன்படுத்த இரண்டாவது உறுதிப்பாடு கட்டாயம், நாம் ஓடிபி என்று அறிந்தது அதுதான். அந்த உறுதிப்பாடு நடந்திருந்தால் பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியின் பக்கம் போய்விடும். வெளிநாட்டு வங்கிக் கார்டில் அந்தப் பாதுகாப்பு பல சமயம் இருக்காது. துபாய், சிங்கப்பூர் ஆர்டர்களை ஆசையோடு திறந்துவிடுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டு ஒரு நாட்டினுடையது, பார்சல் போகும் இடம் வேறு, தொகையும் பெரிது என்றால், பேசிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

எழுதுவதை ஒரு பக்கத்தில் அடக்குங்கள். ஆர்டர் எண், தேதி வரிசை, எந்த ஆதாரம் எதைக் காட்டுகிறது என்பது மட்டும் போதும். வாடிக்கையாளர் ஏமாற்றுக்காரர் என்று நான்கு பத்தி எழுதுவதை அங்கே யாரும் படிக்கப் போவதில்லை.

நம் பெண்மணியின் நிலையில் இருந்தால்? கூகுள் பே-யில் அனுப்பியதற்கான ஆர்ஆர்என் எண், "பணம் வந்துடுச்சு" என்று வாடிக்கையாளர் எழுதிய செய்தி, இரண்டையும் சேர்த்து எதிர்வாதம் வைக்கலாம். வங்கி ஏற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வாடிக்கையாளரே தன் வங்கிக்கு எழுதிப் புகாரைத் திரும்பப் பெறுவதுதான் நல்ல வழி. தவறு உங்களுடையது, ஆதாரமும் இல்லை என்றால், எதிர்வாதம் வைத்து நாளை வீணாக்காமல் ஏற்றுக்கொண்டு அடுத்த பார்சலைக் கட்டப் போங்கள்.

மோசடியிடமிருந்து தப்ப

"500 ரூபாய்க்குப் பதில் 5,000 அனுப்பிட்டேன், மீதியை இந்த நம்பருக்கு கூகுள் பே பண்ணிடுங்க" என்று கேட்டால், வேறு எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வந்தது யாரோ ஒருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். நாளை உண்மையான உரிமையாளர் 1930 என்ற இணையக் குற்றத் தொலைபேசி எண்ணில் புகார் கொடுத்தால், உங்கள் வங்கிக் கணக்கிலேயே அந்தத் தொகை முடக்கப்படும். அது சார்ஜ்பேக் அல்ல, கேட்வே அதில் ஒன்றும் செய்ய முடியாது. வங்கிக் கிளைக்கும் காவல்துறையின் சைபர் பிரிவுக்கும்தான் நடக்க வேண்டும். மிகையாக வந்த பணத்தை, வந்த பரிவர்த்தனையின் மேலேயே ரீஃபண்ட் செய்யுங்கள்.

"உங்கள் மேல் சார்ஜ்பேக் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று அழைப்பு வந்தால் துண்டியுங்கள். டிஸ்ப்யூட் வேலை எதற்கும் ஓடிபி தேவைப்படாது. நீங்களே கேட்வே திரையைத் திறந்து பாருங்கள்.

முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய ஒன்று

வாடிக்கையாளரின் வங்கி ஸ்டேட்மென்ட்டில் உங்கள் கடை எந்தப் பெயரில் தெரிகிறது என்று இன்றே சோதியுங்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு பெயர், கேட்வே கணக்கில் கணவர் பெயர் என்று இருந்தால், இரண்டு மாதம் கழித்து ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பவர் "இது யார்?" என்று கேட்டு வங்கிக்குப் போன் போட்டுவிடுவார். பொடியில் குறையே இல்லாமல் வரும் சார்ஜ்பேக் இது. ஒரு நண்பரை 10 ரூபாய்க்கு வாங்கச் சொல்லி, அவர் ஸ்டேட்மென்ட்டில் வரும் பெயரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைப் பெயர் வராவிட்டால், மாற்றித் தரும்படி கேட்வேயின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள்.